சங்கக் கிடங்கில் சரக்கின் வயது

இராயபுரத்திலிருந்து வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் வழியாக மீஞ்சூர்ப் பக்கம் செல்லும் வேலை எமக்கு மாதத்திற்கு இருமுறையேனும் வாய்ப்பதுண்டு. இடப்புறம் ஆலைப் புகைபோக்கிகளும் வலப்புறம் கடலுமாகச் செல்லும் இவ்வழியைக் கடந்தால், அத்திப்பட்டுச் சுற்றுப்புறத்தின் உப்பளங்கள் தென்படும். அதற்கு அப்பால் நெல்வயல்கள் தொடங்கும். இவ்வளவு சிறிய தூரத்திற்குள் உரத்தைச் செய்யும் ஆலையும், உரத்தைக் கரைக்கும் கடற்காற்றும், உரத்தை வேண்டும் வயலும் அமைந்திருப்பது எளிதிற் காணக் கிடைக்காத சேர்க்கையாகும்.

இப்பகுதியிலுள்ள வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கிடங்கை 2024 நவம்பரில் நாம் பார்வையிட்டோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அங்கே கண்டது பல சங்கங்களில் உள்ளதேயாதலின், அதனை அங்கத்தினர்கள் முன்வைக்க விரும்புகிறோம். நெசவாளர் சங்கத்து அன்பர்களும் இதனைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. ஈரக் காற்றில் கிடந்த நூற்கட்டு எடை கூடி நிற்பதையும், வெயில் வந்ததும் அது குறைவதையும் தராசிற் கண்டவர்கள் அவர்கள்.

முதலில் கணக்கைப் பார்த்தோம். இருப்புப் புத்தகத்தில் யூரியா 214 மூட்டை. விற்பனை இயந்திரத்தில் 214. கிடங்கில் ஆள்விட்டு எண்ணினோம், 214. மானிய உரத்தை விவசாயியின் கைரேகை பெற்று இயந்திரத்தின் வழியே விற்கும் முறை வந்தது முதல், தணிக்கைக்குச் செல்வோர் பெரும்பாலும் இம்மூன்று எண்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். ஒன்றாக இருந்தால் கையெழுத்து. மாறினால் விளக்கம் கேட்டு ஓர் ஓலை. நாமும் பேனாவை எடுத்துவிட்டோம்.

அப்பொழுது கிடங்கு வாயிலில் நின்றிருந்த முதிய அங்கத்தினர் ஒருவர், "ஐயா, எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். அந்தப் பின்சுவர் ஓரத்து மூட்டையிலே ஒன்றை எனக்குப் போடச் சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார்.

செயலாளர் முகம் சற்றுச் சுருங்கிற்று. "பெரியவர் போன வாரம் ஒரு மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார் சார். கட்டியாக இருக்கிறதாம். வேறு மாற்றிக் கொடுத்துவிட்டோம்."

பின்சுவர் ஓரம் சென்று பார்த்தபோதுதான் செய்தி விளங்கிற்று. அங்கிருந்த 96 மூட்டைகளும் ஆகஸ்டு மாதம் வந்தவை. அக்டோபரில் வந்த லாரிச் சரக்கை அவற்றின் முன்னே அடுக்கிவிட்டார்கள். வாயிலுக்கு அருகில் இருப்பதே முதலில் விற்குமன்றோ? பழையது பின்னேயே தங்கிவிட்டது. 96 மூட்டைகளில் 41 கல்லாக இறுகியிருந்தன. அடியிலிருந்த 7 மூட்டைகள் நீர் கசிந்து தரையிலே வெள்ளைப் படிவத்தை விட்டிருந்தன. அவ்வேழையும் நிறுத்தோம். 45 கிலோ இருக்க வேண்டிய மூட்டை சராசரி 39 கிலோ நின்றது. இயந்திரம் எத்தனை மூட்டை உண்டு என்பதை அறியும்; எந்த மூட்டை என்று வந்தது என்பதை அது அறியாது.

இங்கே ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். யூரியாவிற்கு மாத்திரைக்கு இருப்பதுபோன்ற காலாவதி கிடையாது. இறுகிப்போன யூரியாவில் தழைச்சத்து போய்விட்டது என்று விவசாயிகள் எண்ணுவது சரியன்று. நீர் கசிந்து வெளியேறாத வரையில் சத்து உள்ளேதான் இருக்கிறது. சாக்கைப் பிரிக்காமல் தரையிற் புரட்டி, மரக்கட்டையால் தட்டினால் பெரும்பாலான மூட்டைகள் உதிர்ந்துவிடும். அந்த 41 மூட்டைகளில் 36 அவ்வாறே உதிர்ந்தன; அதே வாரத்தில் விற்றும் போயின. கசிந்த மூட்டைகளின் நிலை வேறு. ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கிற்கு மேற்பட்ட யூரியா, 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி தரங்குறைந்ததாகும். அதனை நல்ல சரக்குடன் கலந்து விற்கலாகாது. தனியே ஒதுக்கி வேளாண்மைத் துறை அதிகாரிக்கு எழுதி, அவர் உத்தரவுப்படியே தீர்க்க வேண்டும்.

சரி, ஈரம் எப்பொழுது ஏறுகிறது? காற்றிலுள்ள ஈரப்பதம் ஓர் அளவைத் தாண்டும்வரை உரம் உலர்ந்தே இருக்கும். தாண்டியதும் காற்றிலிருந்து நீரை வாங்கத் தொடங்கும். நம் நாட்டு வெப்பத்தில் யூரியாவிற்கு அந்த எல்லை ஏறத்தாழ நூற்றுக்கு 73 முதல் 75 வரை. டி.ஏ.பி.க்கும் பொட்டாஷுக்கும் அது 80க்கு மேல். ஆகவே அவை பொறுத்துக்கொள்ளும். யூரியா சேர்ந்த கலப்பு உரங்களோ தனி யூரியாவினும் முன்னதாகவே ஈரம் வாங்குபவை. எண்ணூர்க் கரையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரவு முழுவதும் காற்று இந்த எல்லைக்கு மேலேயே நிற்கும்.

ஈரமானி வாங்கச் சங்கத்தில் பணமில்லை என்பார்கள். வேண்டாம். சோற்றுப்பின் எல்லையும் ஏறக்குறைய 75தான். உப்பள ஊரில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? ஒரு மண்சட்டியில் கல்லுப்பைப் போட்டுக் கிடங்கின் உள்ளே வைத்துவிடுங்கள். உப்பு கசியத் தொடங்கும் நாள், யூரியாவும் கசிய முற்படும் நாளாகும். கல்லுப்பில் வேறு உப்புகளும் சிறிது கலந்திருப்பதால் அது சற்று முன்னதாகவே கசியும். எச்சரிக்கைக்கு அதுவும் நல்லதே. உப்பு கசியும் நாளில் கிடங்கின் கதவையும் சாளரங்களையும் மூடி வைக்க வேண்டும். இந்தச் சங்கத்திலோ, காற்றோட்டம் வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, மழைநாளெல்லாம் சாளரங்களைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளிக்காற்று உள்ளிருப்பதினும் உலர்ந்திருக்கும் பிற்பகலில் திறப்பதே காற்றோட்டம். மழையிலே திறப்பது ஈரத்திற்கு விடுக்கும் அழைப்பு. சுவரை ஒட்டி அடுக்கியதும், அடியில் மரச்சட்டம் இல்லாமல் தரைமீது போட்டதும் மற்ற தவறுகள். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. இடம் போதாதபோது எல்லோரும் மறப்பவை.

இடம் ஏன் போதவில்லை என்று கேட்டபோதுதான் கொள்முதலின் கதை வெளிவந்தது.

அச்சங்கத்தில் உரம் பெறும் அங்கத்தினர்களுக்குச் சம்பா நெல் 300 ஏக்கர். மத்திய வயதுடைய நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு, மண் பரிசோதனை இல்லாத இடத்தில், எக்டருக்குத் தழைச்சத்து 150 கிலோ, மணிச்சத்து 50, சாம்பல்சத்து 50. ஏக்கர் கணக்கில் 60, 20, 20. மணிச்சத்தை டி.ஏ.பி.யாகக் கொடுத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 44 கிலோ. அதாவது ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. அதிலேயே கிட்டத்தட்ட 8 கிலோ தழைச்சத்தும் வந்துவிடுகிறது. எஞ்சிய 52 கிலோவிற்கு யூரியா 113 கிலோ. 45 கிலோ மூட்டையாக இரண்டரை. ஆகவே 300 ஏக்கருக்கு யூரியா 750 மூட்டை.

இதுவரை செயலாளரும் சரியாகவே போட்டிருந்தார். ஆனால் அந்த 750 மூட்டையும் ஒரே நாளில் வயலுக்குச் செல்பவை அல்ல. டி.ஏ.பி. முழுவதும் அடியுரம், நடவிற்கு முன் அது கிடங்கில் இல்லாவிட்டால் பின்னர் வந்து பயனில்லை. தழைச்சத்தையோ நான்கு பங்காக்கி, நடவின்போதும், தூர்கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும் இடுகிறோம். செப்டம்பரில் நட்ட பயிருக்கு இரண்டாம் பங்கு அக்டோபரிலும், மூன்றாவது நவம்பரிலும், நான்காவது டிசம்பர்த் தொடக்கத்திலும் வேண்டும். முதற்பங்கிற்கு டி.ஏ.பி.யின் தழைச்சத்தே பாதிக்கும் மேல் உதவிவிடும். எனவே ஆகஸ்டில் வாங்கிய யூரியாவின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழை முழுவதையும் கிடங்கிலே கழிக்கிறது. உரம் வேண்டிய காலமும் உரம் கெடும் காலமும் நம் மாவட்டத்தில் ஒன்றாகவே அமைந்துவிட்டன. கோடையில் வாங்கிக் கோடையில் விற்கும் ஊர்களுக்கு இத்தொல்லை இல்லை.

"அப்படியானால் மாதந்தோறும் வாங்குவோம், மணலி ஆலை பக்கத்தில்தானே இருக்கிறது" என்றார் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். மணலியில் மதராஸ் உரத் தொழிற்சாலை 1971 முதல் யூரியா செய்துவருகிறது. எண்ணூரில் மற்றோர் ஆலை கலப்பு உரம் செய்கிறது. ஆனால் நமக்கு வரும் மூட்டை அருகிலுள்ள ஆலையிலிருந்து வருவதன்று, ஒதுக்கீட்டின்படி வருவது. இன்று ரயிலில் எந்தச் சரக்கு இறங்கிற்றோ அதிலிருந்து பங்கு கிடைக்கும். அன்றியும், அருகிலிருக்கும் ஆலை நம்மோடு சேர்ந்தே மழையில் நனையும் ஆலையாகும். 2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிச்சாங் புயல் வந்தபோது மணலி, எண்ணூர்ப் பகுதிகள் வெள்ளத்தில் நின்றன. சாலைகளில் லாரி ஓடவில்லை. அம்மாதம் 26ஆம் நாள் இரவு எண்ணூர் ஆலைக்குக் கடலிலிருந்து அமோனியா வரும் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். ஆலையை நிறுத்த அரசு உத்தரவிட்டது. நவரை நடவிற்கு அடியுரம் தேடும் சமயம் அது. ஆலை அருகில் இருக்கிறது என்று நம்பி வெறுங்கிடங்கோடு இருந்தவர்கள், தொலைவிலிருந்து சரக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே இரண்டு அச்சங்களுக்கும் இடையே ஒரு வழியைத் தேட வேண்டும். நம் கருத்து இது: ஆகஸ்டு முடிவிற்குள் டி.ஏ.பி.யும் பொட்டாஷும் முழுவதும், யூரியாவில் முதற்பங்கும் வந்துசேரட்டும். மழை பிடிப்பதற்கு முன், அக்டோபர் 10ஆம் நாளுக்குள், இரண்டாம் பங்கும் மூன்றாம் பங்கும் கிடங்கில் இருக்கட்டும். இது 440 மூட்டைக்குள் அடங்கும். சுவரிலிருந்து இரண்டடி விட்டு அடுக்க இடமும் இருக்கும். நான்காம் பங்கை நவம்பர் நடுவில் கேட்கலாம். அது தாமதமானாலும் கேடு குறைவு. கடைசிப் பங்கு சில நாள் பிந்தினால் பொறுக்கும் பயிர், தூர்கட்டும் பங்கு பிந்தினால் பொறுக்காது. பற்றாக்குறை வரும் என்ற வதந்தி ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் எழும். அதைக் கேட்டு மொத்தமாக வாங்கும் சங்கங்கள், சரக்குப் பணத்திற்கு மத்திய வங்கிக்கு நான்கு மாத வட்டியும் கொடுத்து, கட்டியையும் வாங்கிக்கொள்கின்றன.

யூரியாவை இவ்வளவில் நிறுத்தி விதைக்கு வருவோம். இதில் நிகழ்ந்ததே எம்மைப் பெரிதும் வருந்தச் செய்தது.

நவரைக்கென்று குறுவயது நெல்விதை 20 மூட்டை, மூட்டைக்கு 30 கிலோ வீதம், ஆகஸ்டிலேயே சம்பா விதையோடு சேர்த்து வாங்கி வைத்திருந்தார்கள். ஒரே லாரியில் வந்தால் வண்டிச்சத்தம் மிச்சம் என்பது கணக்கு. சான்றுவிதையின் நீலச்சீட்டில் பரிசோதனை நாள் ஏப்ரல் 15 என்றும், செல்லுபடியாகும் காலம் அதிலிருந்து 9 மாதம் என்றும் இருந்தது. அதாவது ஜனவரி நடுவரை. நவரை நாற்றங்கால் டிசம்பரில். "தேதி இருக்கிறதே சார்" என்றார் எழுத்தர். தேதி இருந்தது, உயிர் இருந்ததா என்பதே கேள்வி.

விதை மூச்சுவிடும் பொருள். ஈரப்பதம் 13 பங்கிற்கு மேற்படாமல் உலர்த்தித்தான் அதனைச் சாக்கில் இடுகிறார்கள். ஈரம் ஒரு பங்கு கூடினால் விதையின் ஆயுள் பாதியாகும்; வெப்பம் ஐந்து பாகை கூடினாலும் பாதியாகும் என்பது விதை நூலார் கையாளும் பொதுவான அளவுகோல். சாதாரணச் சாக்கு ஈரத்தைத் தடுப்பதில்லை. ஆகஸ்டின் புழுக்கத்தையும் அக்டோபரின் ஈரத்தையும் கடற்கரைக் கிடங்கில் தாங்கிய விதைக்கு, மேட்டூர்ப் பக்கத்து உலர்ந்த கிடங்கில் இருந்த விதையின் ஆயுள் எப்படி வரும்? சீட்டிலுள்ள தேதி இரண்டிற்கும் ஒன்றே.

எம் கண்ணெதிரில் முளைப்புப் பார்க்கச் சொன்னோம். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பல மூட்டைகளின் மேலும் நடுவிலும் அடியிலுமிருந்து விதை எடுத்துக் கலந்து, பொறுக்காமல் 400 மணியை எண்ணி, நூறு நூறாக நான்கு ஈரச்சாக்குத் துண்டில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். நல்ல மணியைப் பொறுக்கி வைப்பது தம்மையே ஏமாற்றிக்கொள்வதாகும்; எழுத்தர் கை அப்படித்தான் முதலில் சென்றது. ஐந்தாம் நாள் ஒருமுறையும் பதினான்காம் நாள் கடைசியாகவும் எண்ணுவது வழக்கம். வேரும் குருத்தும் ஒழுங்காக வந்தவற்றையே கணக்கிட வேண்டும். வெறும் வாய்பிளந்த மணியைச் சேர்க்கலாகாது. பதினான்காம் நாள் செயலாளர் எமக்கு எழுதிய எண்கள் 61, 66, 58, 63. சராசரி 62. சான்றுவிதைக்கு நெல்லில் இருக்க வேண்டியது 80.

600 கிலோ விதை என்பது குறுவயது நெல்லுக்கு ஏறக்குறைய 25 ஏக்கருக்கான நாற்று. அதனை விற்றிருந்தால் நாற்றங்காலில் திட்டுத்திட்டாக முளைத்து, சந்தேகப்பட்டு மீண்டும் விதைத்து, நடவு பிந்தி, ஏரித்தண்ணீர் வற்றும் காலத்தில் கதிர் வந்திருக்கும். யார்மீது குறை சொல்வது? விதைத்தவர் தம் கையைத்தான் நொந்துகொள்வார். நல்லவேளையாக விதையில் மருந்து கலக்கப்படாதிருந்ததால், நெல்லாகவே விற்றுப் பாதிப் பணத்தையேனும் மீட்டார்கள். மருந்து கலந்த விதையாயின் அதற்கும் வழியில்லை. நவரை விதையை நவம்பர்க் கடைசியில் புதிதாக வாங்கினார்கள். ஆகஸ்டில் மிச்சம் பிடித்த வண்டிச்சத்தம் இரண்டு மடங்காகப் போயிற்று. இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சில இரகங்களில் அறுவடையான சில வாரங்கள் விதை உறங்கும். புதிய விதை குறைவாக முளைத்தால் செத்துவிட்டது என்று முடிவுகட்டாமல், சில வாரம் பொறுத்து மறுமுறை பார்க்க வேண்டும். பழைய விதைக்கு அச்சலுகை கிடையாது.

மருந்து அலமாரி தனி அறையில் இருந்தது, அந்தவரையில் மகிழ்ச்சி. சங்கத்திலேயே ரேஷன் அரிசியும் இருக்கும்போது பூச்சிமருந்தை அதே அறையில் வைப்பது சட்டத்திற்கும் அறிவிற்கும் புறம்பு. ஆனால் அலமாரியின் கடைசித் தட்டில், துணி போட்டு மூடியபடி, இலைச்சுருட்டுப் புழுவிற்கான மருந்துப் புட்டிகள் 46 இருந்தன. செய்த மாதம் 2022 மார்ச். கடைசி மாதம் 2024 பிப்ரவரி. நாம் சென்றது நவம்பர்.

கதை எளியது. 2022இல் புழு மிகுந்து மருந்து கிடைக்காமல் அங்கத்தினர்கள் ஏசினார்கள். ஆகவே 2023 செப்டம்பரில் முன்னெச்சரிக்கையாக 80 புட்டி வாங்கினார்கள். புட்டி விலை 480 ரூபாய். மொத்தமாக எடுத்தால் 420 என்றார் விற்பனையாளர். 4,800 ரூபாய் மிச்சம் என்று குழுக் கூட்டத்தில் பாராட்டும் தெரிவிக்கப்பட்டது. ஆயினும் வந்த அன்றே அச்சரக்கிற்கு வயது 18 மாதம். எஞ்சிய ஆயுள் 5 மாதம். விலை குறைந்ததன் காரணமும் அதுவே. அவ்வாண்டு புழு குறைவு. 34 புட்டி விற்றது, 46 தங்கிற்று. பட்டியல் விலையில் மிச்சம் பிடித்தது 4,800, தேங்கியது 19,320. அதைவிடப் பெரிய பிழை, இருப்புநிலைக் குறிப்பில் அந்த 46 புட்டியும் முழு விலைக்குச் சொத்தாக ஏறியிருந்ததாகும். அதனால் காட்டப்பட்ட இலாபத்தில் 19,320 ரூபாய் இல்லாத இலாபம். அதிலிருந்து பங்காதாயமும் பேசப்பட்டுக்கொண்டிருந்தது.

"சார், புட்டி நன்றாகத்தான் இருக்கிறது, தண்ணீரில் விட்டால் பால்போலக் கலக்கிறது" என்றார் எழுத்தர். அவர் சோதித்ததில் தவறில்லை. தண்ணீரில் விட்டதும் பால்போலக் கலவாமல் எண்ணெயாகப் பிரிந்து நின்றால் மருந்து கெட்டதற்கு அது அடையாளம். ஆனால் கலந்தால் நல்லது என்று அதன் மறுதலையை முடிவுசெய்ய இயலாது. புழுவைக் கொல்லும் பொருள் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைக் கண் சொல்லாது. அன்றியும், சட்டம் இங்கே ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. 1971ஆம் ஆண்டு பூச்சிகொல்லி விதிகளின்படி, காலங்கடந்த சரக்கை உடனே பிரித்து, விற்பனைக்கன்று, உபயோகத்திற்கன்று என்று முத்திரையிட்டு, அறிவிப்புப் பலகையோடு தனியிடத்தில் பூட்டி வைக்க வேண்டும். துணி போட்டு மூடிவைப்பது அதற்கு ஈடாகாது.

எனவே மருந்து வாங்கும்போது விலைக்கு முன் கேட்க வேண்டியது எஞ்சிய ஆயுள். வந்திறங்கும் நாளில் 12 மாதமேனும் இருக்க வேண்டும் என்றும், விற்காதது கடைசி நாளுக்கு மூன்று மாதம் முன்னர்த் திருப்பி எடுக்கப்படும் என்றும் கொள்முதல் கடிதத்திலேயே எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. சென்ற ஆண்டுப் புழுவை இந்த ஆண்டுக்குக் கணக்கில் எடுக்கவும் கூடாது. ஒரு வாரத் தேவையை மட்டும் வைத்துக்கொண்டு, வயலில் புழுத் தென்பட்டதும் வருவித்தால், இவ்வூரைப் போன்று சென்னைக்கு அருகிலுள்ள சங்கங்களுக்கு இரண்டு நாளில் சரக்கு வந்துவிடும். உரத்திற்கு நாம் மறுத்த அருகாமை வாதம் மருந்திற்குப் பொருந்துவது வேடிக்கைதான். மருந்து ஒதுக்கீட்டில் வருவதன்று, கடையில் கிடைப்பது.

பார்ப்பார் இல்லாமல் சரக்குக் கிடப்பது சிறு சங்கங்களில் மட்டும் நிகழ்வதன்று. 2015இல் சுங்கத் துறை கைப்பற்றிய அம்மோனியம் நைட்ரேட் மணலியருகே ஒரு சரக்குப்பெட்டக முற்றத்தில் 37 பெட்டகங்களில் ஐந்தாண்டு கிடந்தது. 2020 ஆகஸ்டு 4ஆம் நாள் பெய்ரூட் துறைமுகத்தில் அதே பொருள் 2,750 டன் வெடித்துப் பெருநாசம் விளைத்தபோதுதான் மணலியில் இருப்பதைப்பற்றி ஊரார் கேட்டார்கள். எண்ணிப் பார்த்ததில் சுமார் 697 டன். அம்மாதத்திற்குள் அது ஏலத்தில் எடுத்தவர்களால் ஐதராபாத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. எண்ணிக்கை தாள்களில் எந்நாளும் இருந்தது. எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று கேட்பதற்குத்தான் வேறோர் ஊர் எரிய வேண்டியிருந்தது.

இச்சங்கத்தில் நாம் செய்யச் சொன்னது ஒன்றே. ஒவ்வோர் அடுக்கிலும் ஓர் அட்டை கட்டுவது. அதில் சரக்கு வந்த நாள், தொகுதி எண், செய்த மாதம் அல்லது விதையைப் பரிசோதித்த நாள், கடைசி நாள், அன்றன்று எடுத்த எண்ணிக்கை. புதுச்சரக்கு வரும்போது பழைய அடுக்கை வாயிலுக்கு நகர்த்திய பின்னரே லாரியை இறக்க வேண்டும். கூலி சிறிது கூடும். மாதத்தின் முதல் நாள் எழுத்தர் அட்டைகளைப் பார்த்து, ஆறு மாதத்திற்குள் கடைசி நாள் வரும் மருந்தையும் உயிர் உரத்தையும், நான்கு மாதத்திற்கு மேல் தங்கிய விதையையும் தனித்தாளில் எழுதிக் குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டும். உயிர் உரப் பொட்டலங்களைப்பற்றி இங்கு விரித்துரைக்கவில்லை. அவற்றிலுள்ள நுண்ணுயிர் சில மாதங்களே வாழ்வதாலும், வெயிலில் அதற்கும் முன்னே இறப்பதாலும், நடவு வாரத்திற்கு மட்டும் வாங்கினால் போதும்.

ஜனவரி இறுதியில் மீண்டும் சென்றோம். உப்புச்சட்டி வாயிலருகே இருந்தது; முதியவர் கொணர்ந்து வைத்ததாம். யூரியா 58 மூட்டை, எல்லாம் டிசம்பர் மாதத்து அட்டையோடு சுவரிலிருந்து விலகி நின்றன. டி.ஏ.பி. மட்டும் நவரைக்குத் தேவையில் பாதியே வந்திருந்தது. ஒதுக்கீடு குறைந்தால் அட்டையால் என் செய்ய இயலும் என்று செயலாளர் கேட்டதற்கு எம்மிடம் விடையில்லை. 46 புட்டிகள் முத்திரையிட்டுத் தனிப்பெட்டியில் பூட்டப்பட்டிருந்தன. கிணற்றிலோ கால்வாயிலோ ஊற்றாமல், கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயக் கழிவு நிலையத்திற்கு அனுப்பலாமா என்று மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுதியிருந்தார்கள். 19,320 ரூபாயை நட்டக் கணக்கில் எழுதும் தீர்மானம் அடுத்த பொதுக்கூட்டத்தில் வருகிறது. அன்று அங்கத்தினர்கள் நிறையக் கேட்பார்கள் என்று செயலாளர் அஞ்சினார். கேட்கட்டும் என்றோம்.